வாடகை வீட்டுக் கிச்சன் குழாயும் ஃப்ளஷ் டேங்கும் ரிப்பேர் பண்றது பத்தி

சாட்ஸ்வர்த், டர்பன்
12 அக்டோபர் 2024

அன்புள்ள அங்கிளுக்கு,

வணக்கம். நீங்களும் ஆன்ட்டியும் ஜோகன்னஸ்பர்க்ல நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன். போன மாசம் ரெண்டு தடவை போன்ல சொன்னேன், வாட்ஸாப்ல வீடியோவும் அனுப்பினேன், "பாக்குறேன்மா"ன்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்கலை, அதான் எல்லாத்தையும் ஒழுங்கா எழுத்துல குடுத்துடலாம்னு எழுதுறேன்.

கிச்சன் குழாய் ஆகஸ்ட் கடைசியிலேருந்து ஒழுகுது. எவ்ளோ இறுக்கி மூடினாலும் நிக்கலை. எங்க வீட்டுக்காரர் வாஷர் வாங்கி மாத்திப் பார்த்தார், நாலு நாள் நின்னுச்சு, அஞ்சாவது நாள் திரும்ப சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. உள்ள வாஷர் உக்கார்ற இடமே தேஞ்சு பள்ளமாயிடுச்சு, குழாயையே மாத்தினாத்தான் சரியாகும்னு பிளம்பர் சொல்றார். ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு கீழ 10 லிட்டர் பக்கெட் வச்சுட்டுப் படுத்தேன், காலையில 6 மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தா விளிம்பு வரைக்கும் ரொம்பியிருக்கு.

ஃப்ளஷ் டேங்க் அதைவிட மோசம் அங்கிள். சும்மாவே டேங்க் ரொம்புற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு புரியலை, அப்புறம் டேங்க்ல கொஞ்சம் மஞ்சத்தூளைக் கரைச்சு ஊத்திட்டு யாரும் ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விட்டேன், போய்ப் பார்த்தா கீழ பேசின்ல பின்பக்கமா மஞ்சக் கோடு கோடா இறங்கியிருக்கு. அடியில இருக்கற ரப்பர் சீல் போயிடுச்சு. அது மட்டும் இல்லை, டேங்குக்கு வர்ற பைப் ஜாயின்ட்லயும் கசிவு இருக்கு, தரை எப்பவும் ஈரம். போன செவ்வாக்கிழமை சின்னவ அதுல வழுக்கி விழுந்து முழங்கைல அடிபட்டுடுச்சு, நல்லவேளை பெருசா ஒண்ணும் ஆகலை. கீழ் வீட்டு அக்கா அவங்க பாத்ரூம் சீலிங்ல கறை படிஞ்சிருக்கறதைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கு. இப்பவே நிறுத்தலைன்னா அவங்க சீலிங்குக்கும் சேர்த்து நீங்கதான் செலவு பண்ண வேண்டி வரும்.

டேங்குக்குப் பக்கத்துல இருக்கற சின்ன வால்வை மூடலாம்னா அது துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, பலமாத் திருகினா உடைஞ்சிடுமோன்னு பயம். அதனால வேலைக்குப் போறப்ப வீட்டுக்கு வர்ற மெயின் வால்வையே மூடிட்டுப் போறோம்.

தண்ணி பில் எங்க பேர்ல வருதுங்கறது உங்களுக்குத் தெரியும். முன்னாடி மாசம் 9 கிலோலிட்டர் வந்த வீட்ல ரெண்டு மாசமா 15 கிலோலிட்டர் வருது, மாசம் கிட்டத்தட்ட 350 ராண்ட் கூட. பழைய பில், புது பில் ரெண்டையும் இதோட வச்சிருக்கேன். ஒரு நாள் ராத்திரி 11 மணியிலேருந்து காலை 5 மணி வரைக்கும் யாரும் தண்ணியே தொடலை, மீட்டர்ல 50 லிட்டர் ஓடியிருக்கு.

காசை விடுங்க அங்கிள், அந்தத் தண்ணி சும்மா சாக்கடைக்குப் போறதைப் பார்க்கத்தான் மனசு கேக்கலை. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டோங்காட்ல தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட் சேதமானப்ப நாங்க அங்கதான் இருந்தோம், மாசக்கணக்குல டேங்கர் லாரிக்குப் பின்னாடி பக்கெட்டோட நின்னிருக்கேன், கைப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு. ராத்திரி அந்த சொட்டு சத்தம் கேட்டா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது.

இங்க பக்கத்துல ஒரு பிளம்பர் வந்து பார்த்துட்டார். புதுக் குழாய், டேங்க் ரப்பர் சீல், ஜாயின்ட், அந்தத் துருப்பிடிச்ச வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 1,450 ராண்ட் ஆகும்னு எழுதிக் குடுத்திருக்கார், அதையும் அனுப்புறேன். வர்ற சனிக்கிழமை, 19ஆம் தேதி, அவரால வர முடியுமாம். நீங்க உங்க ஆளை அனுப்புறதா இருந்தாலும் சரிதான், அன்னைக்குள்ள வந்துட்டாப் போதும். இல்லேன்னா நானே இவரை வச்சு முடிச்சு, ரசீதை உங்களுக்கு அனுப்பிட்டு, நவம்பர் வாடகையில அந்த 1,450-ஐக் கழிச்சுக்கலாமான்னு சொல்லுங்க. நீங்க சரின்னு எழுதாம நான் கழிக்க மாட்டேன். கூட வந்த தண்ணி பில்லு 700 ராண்டையும் நீங்க ஏத்துக்கணும்னு கேக்குறேன், ஏன்னா முதல் வாரமே உங்ககிட்ட சொல்லிட்டேன்.

இங்க வந்ததுலேருந்து வாடகை ஒரு நாள் தள்ளிக் குடுத்ததில்லை, சின்னச் சின்ன ரிப்பேரை நாங்களே பார்த்துக்கிட்டோம், பல்பு, கதவுப் பூட்டு எதுக்கும் உங்களைத் தொந்தரவு பண்ணலை. குழாயும் பைப்பும் வீட்டோட சேர்ந்தது, அதை வீட்டு ஓனர்தான் பார்க்கணும்னு நம்ம அக்ரிமென்ட்லயே இருக்கு.

31ஆம் தேதி தீபாவளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேருந்து அக்கா குடும்பத்தோட வர்றாங்க, வயசான அத்தையும் கூட வர்றாங்க, அந்த ஈரத்தரையில அவங்களை நடக்க விட எனக்குப் பயமா இருக்கு. புதன்கிழமைக்குள்ள வாட்ஸாப்லயாவது ஒரு பதில் போட்டுடுங்க, பிளம்பர்கிட்ட நான் உறுதி சொல்லணும்.

ஆன்ட்டியைக் கேட்டதா சொல்லுங்க.

இப்படிக்கு,
மூணாவது மாடி செல்வி