வரைந்ததை அழிக்காமல் திருத்துதல்: சமையலறையை 600 மி.மீ. பெரிதாக்கும் பயிற்சி

ஆட்டோகேடில் 3000 × 3000 மி.மீ. அளவில் வரைந்து, அளவுகளும் குறித்து முடித்த சமையலறையைக் கிழக்கே 600 மி.மீ. பெரிதாக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். கிழக்குச் சுவரை அழித்துவிட்டு மறுபடி வரைந்தால் அளவுக்கோடுகளையும் திரும்ப இட வேண்டியிருக்கும் என்பதால், இப்பயிற்சியில் எந்தக் கோட்டையும் அழிக்கப் போவதில்லை.

முதல் வேலை `STRETCH`. கிழக்குச் சுவர் முழுவதும் உள்ளேயும், வடக்கு, தெற்குச் சுவர்கள் பாதியில் வெட்டுப்படும்படியும் வலமிருந்து இடமாக, தொட்டு வெட்டும் பொருள்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் கிராசிங் விண்டோவை இழுக்க வேண்டும். உள்ளே விழும் முனைகள் நகரும். வெளியே உள்ளவை நின்ற இடத்திலேயே நிற்கும். முழுதாக உள்ளே இருப்பது அப்படியே இடம் மாறும். அளவுக்கோட்டின் தொடக்கப் புள்ளியையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் 3000 என்பது தானாகவே 3600 ஆகும். அடிப்படைப் புள்ளியை எங்கு வேண்டுமானாலும் சொடுக்கி, அடுத்ததாக இதைத் தட்டச்சு செய்க:

```
@600,0
```

இடமிருந்து வலமாக இழுத்துத் தேர்ந்தெடுத்தவருக்குச் சுவர் நீளாது, கிழக்குச் சுவர் மட்டும் தனியே பிரிந்து நகரும். மாணவர்கள் கட்டளையைக் குறைசொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சமையல் மேடையின் கோடு கிழக்குச் சுவரை எட்டாமல் நிற்கிறது என்றால் அதற்கு `EXTEND`. 2021 பதிப்பு முதல் வரைபடத்தில் உள்ள எல்லாப் பொருள்களையும் அது இயல்பாகவே எல்லையாக எடுத்துக்கொள்கிறது. நீள வேண்டிய முனைக்கு அருகில் சொடுக்கினால் போதும். `Shift` விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் அதே கட்டளை கோட்டை வெட்டிக் குறைக்கும்.

சுவரைத் தாண்டி 150 மி.மீ. நீண்டிருக்க வேண்டிய மையக்கோட்டிற்கு எல்லை எதுவும் இல்லை. அங்கே `LENGTHEN` கட்டளையில் `DE` தெரிவு செய்து 150 கொடுத்து, இரு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்குக. எதிர்மறை எண் கொடுத்தால் கோடு குறையும். வட்டம் போன்ற மூடிய வடிவங்களில் இது செல்லாது.

கிழக்குச் சுவரில் 1200 மி.மீ. ஜன்னலுக்கு இடம்விட `BREAK` உதவும். கோட்டைத் தேர்ந்தெடுக்கச் சொடுக்கிய இடத்தையே இக்கட்டளை முதல் முறிவுப் புள்ளியாகக் கொண்டுவிடும் என்பதால், `F` தட்டிச் சரியான புள்ளியைக் காட்டியபின் `@0,1200` என்று கொடுக்க வேண்டும். சுவருக்கு இரண்டு கோடுகள் இருப்பதை மறந்து ஒன்றை மட்டும் முறித்துவிடாதீர்கள். வெறும் `@` கொடுத்தால் இடைவெளியின்றிக் கோடு இரண்டாகும். வட்டத்தை முறிக்கும்போது முதல் புள்ளியிலிருந்து கடிகார எதிர்த்திசையில் உள்ள பகுதி நீங்கும்.

சிறு திருத்தங்களுக்குக் கட்டளையே வேண்டாம். கோட்டைச் சொடுக்கியதும் நீலச் சதுரங்களாகக் கிரிப்கள் தோன்றும். ஒன்றைச் சொடுக்கினால் சிவப்பாகும், பிறகு அதை இழுக்கலாம். முனைக் கிரிப் கோட்டை நீட்டும், நடுக் கிரிப் முழுக்கோட்டையும் நகர்த்தும். வட்டத்தின் விளிம்பில் உள்ளது ஆரத்தை மாற்றும். ஒரு மூலையில் சேரும் இரு கோடுகளையும் சேர்த்துத் தேர்ந்துகொண்டு மூலைக் கிரிப்பை இழுத்தால் இரண்டும் ஒன்றாகவே வரும். ஒன்றை மட்டும் தேர்ந்து இழுத்தால் மூலை பிளந்துவிடும்.