மயிலாப்பூர் பள்ளிக் கண்காட்சிச் சுவருக்கு: டைனோசர் காலத்து மூன்று AI பட ப்ராம்ப்ட்கள்

மூன்றும் மே மாதக் கண்காட்சிக்கு, தலா 12 அடி அகல வினைல் பிரிண்ட். பொதுப் பகுதியை ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கும் முன்னால் ஒட்டிப் போடவும். ‘பிரம்மாண்டமான’, ‘மிரட்டும்’ போன்ற சொற்களைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சினிமா போஸ்டர்தான் வரும்.

பொதுப் பகுதி

புகைப்படம் போன்ற நிலக்காட்சி, 3:2 விகிதம். சமதரை. கேமரா தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், சாய்வில்லாமல், 35 மி.மீ. லென்ஸ். தொடுவானம் படத்தின் கீழ்ப் பாதியில். விலங்குகள் கேமராவைப் பார்க்கவில்லை, வாய் திறந்து கர்ஜிக்கவில்லை. தோலில் சேறும் பழைய கீறல்களும். மனிதர், எழுத்து, சட்டகம் எதுவும் இல்லை.

(1.2 மீட்டர் என்பது பார்க்க வரும் பிள்ளைகளின் கண் உயரம். இன்னொரு லாபமும் உண்டு: சமதரையில் 1.2 மீட்டர் உயரமுள்ள எந்தப் பொருளும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், தொடுவானக் கோட்டைத்தான் தொடும். அளவு சரியா என்று பார்க்க அந்தக் கோடு ஒன்றே போதும்.)

1. நர்மதைக் கரை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்

ஆழமில்லாத அகன்ற ஆறு, மணல் திட்டுகள், ஈரச் சேற்றில் தட்டுத் தட்டான காலடித் தடங்கள். நடுத்தொலைவில் நான்கு ஐசிசாரஸ், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகள், வரிசையாக ஆற்றைக் கடக்கின்றன. தொடுவானம் அவற்றின் முழங்கால் அருகே செல்கிறது. இடது ஓரத்தில் மரநிழலில் ஒரு ராஜசாரஸ், சுமார் 7 மீட்டர் நீளம், நெற்றியில் தாழ்ந்த ஒற்றைக் கொம்பு, மிகச் சிறிய முன்கைகள், படுத்திருக்கிறது, வேட்டையாடவில்லை. கரையில் பனைக் குடும்பத்து மரங்களும் ஊசியிலை மரங்களும், அடியில் பெரணி, அங்கங்கே கொத்தாக மட்டும் புல்.

தொடுவானத்தில் கூம்பு எரிமலை இல்லை. தரையில் நீண்ட பிளவு, அதிலிருந்து தாழ்வாக எழும் நெருப்பு வரிசை, வெகு தூரத்தில், மெல்லிய ஆரஞ்சுக் கீற்றாக மட்டும். கந்தகப் புகைமூட்டம்: வானம் பால்கலந்த மஞ்சள், சூரியன் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய வெளிறிய வட்டு. நிழல்களின் ஓரம் கரைந்திருக்கிறது. முதல் விலங்கின் தோல்மடிப்புகள் தெளிவு, நான்காவது வெறும் சாம்பல் உருவம். மரங்களும் தூரம் கூடக் கூட நிறமிழக்கின்றன.

(தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் பிளவுகள் வழியாக வழிந்து பரவியது. கூம்பு வந்தால் அந்தப் படத்தைத் தள்ளிவிடலாம். புல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த புதைபடிவச் சாணத்தில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்தன. புல்வெளிதான் கூடாது.)

2. ஸ்ரீபெரும்புதூர், முற்காலக் கிரெட்டேசியஸ்

படத்தின் நாயகன் செடிதான். உப்பங்கழியோரம், சாம்பல்நிறக் களிமண். முன்னால், 2 மீட்டர் உயரத்தில் தடித்த, இலைத்தழும்பு நிறைந்த தண்டும் உச்சியில் சைக்கஸ் போல விரியும் சீப்பிலைகளும் கொண்ட பென்னெட்டிட்டேல்ஸ் செடிகள். தொடுவானம் தண்டின் பாதிக்குச் சற்று மேலே. ஓர் இலை அருகில், சேற்றில் பாதி புதைந்து, நரம்புகள் தெரியும்படி. பின்னால் பெரணிகள், உயர்ந்த ஊசியிலை மரங்கள். பூவோ புல்லோ தென்னையோ இல்லை. விடியற்காலை, மேலே மிக மெல்லிய சாம்பல் படலம், ஒளி செம்பு நிறம். எரிமலை கண்ணில் படக் கூடாது. டைனோசர் இல்லை, களிமண்ணில் நீர் தேங்கிய ஒரே ஒரு காலடித் தடம்.

(நம் ஊருக்குப் பக்கத்திலேயே இந்த இலைகளின் பதிவுகள் பாறையில் கிடைக்கின்றன, கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன அதே ஊர். பிள்ளைகள் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.)

3. கோதாவரிச் சமவெளி, முற்கால ஜுராசிக்

பாரபாசாரஸ் ஒன்று, சுமார் 14 மீட்டர் நீளம், ஒரு மாநகரப் பேருந்தைவிடக் கொஞ்சம் அதிகம். பக்கவாட்டில், முழு உடலும் சட்டகத்துக்குள். தொடை எலும்பு மட்டும் 1.7 மீட்டர். தொடுவானம் முழங்கால் அருகே. வால் தரையில் படவில்லை. காலடியில் குதிரைவால் செடிகள், பின்னால் பெரணியும் ஊசியிலை மரங்களும். மாலை, காற்றில் தூசியும் மங்கலான புகையும், பின்னொளி. முதுகு விளிம்பில் மட்டும் செம்மஞ்சள் கோடு, வயிற்றுப் பக்கம் இருட்டு, ஆனால் கால் நகங்கள் தெரிய வேண்டும். பூ இல்லை, புல் இல்லை. வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானம். விளக்கப் பலகை அங்கே வரும்.