கொடி வீட்டுக்குள் வந்தாச்சு

அன்பு வாசகர்களுக்கு,

ஐப்பசி பிறந்தாலே சென்னையில் மொட்டைமாடித் துணிக்கொடி வீட்டுக்குள் வந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் தொங்கியும் இடுப்புப் பட்டை காயாத ஜீன்ஸ், அதிலிருந்து வரும் அந்த ஈர வாடை. இந்த மழைக்கால இதழை நாங்கள் அங்கிருந்துதான் யோசிக்கத் தொடங்கினோம்.

பருத்தியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கனத்த காட்டன் தண்ணீரைக் குடித்துக் காலோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய மல்மல் நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு பாலியஸ்டர் கலந்த துணி, ஜார்ஜெட் துப்பட்டா. பட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

நம் ஊர் மழையில் குளிரைவிடப் புழுக்கம்தான் அதிகம். கனமான ஜாக்கெட் வேண்டாம். உள்ளே ஒரு மெல்லிய பனியன், மேலே பொத்தான் போடாத தளர்வான சட்டை, அப்புறம் சுருட்டிப் பையில் திணிக்கக்கூடிய விண்ட்சீட்டர், போதும்.

சரி, நிறம்? சேறு தெறிக்கும் கீழ்ப்பாதிக்குக் கருநீலம், அரக்கு, பாசிப்பச்சை. மேலே தைரியமாக மாம்பழ மஞ்சள். மழை இருட்டில் எதிரே வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணில் அது சட்டென்று படும். அட்டைப்படத்துக்கும் அதனால்தான் மஞ்சள்.

அன்புடன்,
ஆசிரியர்