சோதனை எண் 4: பாலின் தரம்பார்த்த அமிலத்தன்மை (லாக்டிக் அமிலச் சதவீதமாக)

நாள்: 12.02.2025

நோக்கம்

காலையில் கறந்த பசும்பாலிலும், அதே பாலை மூடி ஆய்வக மேசையில் 8 மணி நேரம் வைத்த பிறகும் அமிலத்தன்மையைக் கண்டறிந்து ஒப்பிடுதல்.

தத்துவம்

லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90. ஒரு மூலக்கூறு ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியைத்தான் காரத்துக்குக் கொடுக்கும் என்பதால் சமான எடையும் 90. ஆகவே 1 மி.லி. 0.1 N சோடியம் ஹைட்ராக்சைடு 0.009 கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம்.

இதை வைத்துப் புதுப்பாலிலும் லாக்டிக் அமிலம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கறந்த பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். அங்கே காரத்தை இழுப்பவை கேசீன், பாஸ்பேட், சிட்ரேட், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஆகியவை. பாலின் pH சுமார் 6.6, பினாப்தலீன் இளஞ்சிவப்பாவது 8.3 அளவில். இடைப்பட்ட தூரத்தைக் கடக்கச் செலவாகும் காரம் முழுவதையும் லாக்டிக் அமிலக் கணக்கில் எழுதுவது ஒரு வழக்கம், அவ்வளவே. பாக்டீரியாக்கள் லாக்டோஸை உடைத்து உண்டாக்கும் உண்மையான அமிலம் இந்த இயற்கை அமிலத்தன்மையின் மேல் வந்து சேர்கிறது.

செய்முறை

முதலில் காரத்தை 10 மி.லி. 0.1 N ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகத் தரப்படுத்தினோம். இரண்டு முறையும் 10.2 மி.லி. செலவானது. புட்டியில் 0.1 N என்று ஒட்டியிருந்தாலும் உண்மையான நார்மாலிட்டி:

N = (10 × 0.1) / 10.2 = 0.098

பாலை நுரை எழாமல் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, 10 மி.லி. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, கொதிக்க வைத்து ஆறிய வாலைவடிநீர் 10 மி.லி. சேர்த்தோம். கொதிக்க வைக்காத நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் காரத்தைச் செலவழிக்கும். நீரின் அளவு எல்லாக் குடுவைக்கும் ஒன்றாக இருப்பதும் அவசியம். நீர் கூடினால் விடை குறைந்து வரும். பிறகு பினாப்தலீன் 1 மி.லி. விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தோம். மங்கலான இளஞ்சிவப்பு 30 விநாடி மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை.

பாலின் வெண்மையில் இந்த நிறம் எளிதில் பிடிபடாது. நிறங்காட்டி சேர்க்காத பாலும் நீரும் கலந்த குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் கண் பழகியது.

அளவீடுகள்

| மாதிரி | தொடக்கம் (மி.லி.) | முடிவு (மி.லி.) | செலவான காரம் (மி.லி.) |
|---|---|---|---|
| புதுப்பால் 1 | 0.0 | 1.9 | 1.9 (நீக்கப்பட்டது) |
| புதுப்பால் 2 | 1.9 | 3.5 | 1.6 |
| புதுப்பால் 3 | 3.5 | 5.1 | 1.6 |
| 8 மணி நேரப் பால் 1 | 0.0 | 2.6 | 2.6 |
| 8 மணி நேரப் பால் 2 | 2.6 | 5.2 | 2.6 |

முதல் அளவீட்டில் குடுவை ரோஜாப்பூ நிறத்துக்கே போய்விட்டது. முடிவுநிலையைத் தாண்டிவிட்டோம்.

கணக்கீடு

லாக்டோமீட்டர் அளவீடு (திருத்திய பின்) 29, ஒப்படர்த்தி 1.029. எனவே 10 மி.லி. பாலின் எடை 10.29 கிராம்.

லாக்டிக் அமிலம் % = (V × N × 0.09 × 100) / W

V: செலவான காரம் (மி.லி.), N: காரத்தின் நார்மாலிட்டி, W: பாலின் எடை (கிராம்)

புதுப்பால்: (1.6 × 0.098 × 9) / 10.29 = 0.137%

8 மணி நேரப் பால்: (2.6 × 0.098 × 9) / 10.29 = 0.223%

வித்தியாசம் 0.086%. பால் வைத்திருந்தபோது உருவான அமிலத்தன்மை இது.

பிழை பற்றி

நீக்கிய 1.9 மி.லி. அளவீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தோம்: 0.163%. நல்ல பாலே பழைய பால் போலத் தெரிந்திருக்கும். அதே நேரம், நார்மாலிட்டியை 0.1 என்றே வைத்து, எடையையும் 10 கிராம் என்று எடுத்திருந்தால் விடை 0.144% தான். தரப்படுத்தலுக்கு அரை மணி நேரம் செலவழித்தோம். அந்தப் பிழையைவிட மூன்றில் ஒரு பங்கு மி.லி. கூட இல்லாத நிறப்பிழை பெரிதாக இருக்கிறது. பியூரெட்டில் 0.05 மி.லி. தவறாகப் படித்தாலும் விடை 0.004% மாறும், ஆகவே மூன்றாம் தசமத்தை நம்பவில்லை.

முடிவு

புதுப்பாலின் அமிலத்தன்மை 0.14%, 8 மணி நேரம் வைத்த பாலில் 0.22%. இரண்டிலும் 5 மி.லி. வீதம் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்தோம். முதலாவது அப்படியே இருந்தது, இரண்டாவது திரிந்தது.