கடை மாறுகிறோம்: பாத்திர ஸ்டாக் கிளியரன்ஸ், ஜூலை 4 முதல் 19 வரை

கும்பகோணம் பெரிய தெருவில் இருக்கும் நம் கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புது இடம் இதில் பாதிதான். மாடியில் இருக்கும் சரக்கைக் குறைக்கத்தான் இந்த விற்பனை.

கீழே “பழைய விலை” என்று போட்டிருப்பது இந்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை நாம் பில் போட்ட விலை. அட்டைப்பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி அல்ல. எல்லாமே ஜிஎஸ்டி சேர்ந்த விலை.

5 லிட்டர் அலுமினிய குக்கர் (இண்டக்‌ஷன் அடி, 22 உள்ளது)
பழைய விலை ரூ.2,150. இப்போது ரூ.1,720. தள்ளுபடி 20%.
பெட்டியில் எம்ஆர்பி ரூ.2,650 என்று இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 35% என்று போடலாம்தான். ஆனால் அந்த விலைக்கு ஒரு குக்கர்கூட நாம் விற்றதில்லை. ஆளுக்கு 2 மட்டும்.

750 வாட் மிக்ஸி, 3 ஜார் (6 உள்ளது)
ரூ.4,200, இப்போது ரூ.3,360 (20%). ஷோகேஸில் வைத்திருந்த ஒன்று மட்டும் ரூ.2,940 (30%), பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கீறல் இருக்கிறது, மோட்டார் ஓட்டிக் காட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் கம்பெனி வாரண்டி உண்டு, பில் தேதியிலிருந்து.

நான்ஸ்டிக் தோசைக்கல், 28 செ.மீ. (14 உள்ளது)
ரூ.900, இப்போது ரூ.540 (40%). கைப்பிடி வெளுத்துவிட்டது, அதனால்தான் இந்த விலை. கோட்டிங்கில் கீறல் விழுந்தவற்றை முன்பே ஒதுக்கிவிட்டோம். 40% இந்த ஒன்றுக்குத்தான் என்பதால், போர்டில் “40% வரை” என்று எழுதவில்லை.

எவர்சில்வர் தூக்கு, குடம், அண்டா
கிலோ ரூ.480, இப்போது ரூ.420 (12.5%). உங்கள் கண்முன் எடை போடுவோம். 1.350 கிலோ தூக்கு என்றால் முன்பு ரூ.648, இப்போது ரூ.567.

குத்துவிளக்கு, பித்தளைச் சாமான், கிரைண்டர்: வழக்கமான விலைதான், தள்ளுபடி கிடையாது. விற்பனை நாட்களில் பழைய பாத்திர எக்ஸ்சேஞ்சும் கிடையாது. இரண்டையும் கலந்தால் எது தள்ளுபடி, எது பழசின் விலை என்று யாருக்கும் விளங்காது.

கார்டு, ஜிபே, ரொக்கம் எதில் கொடுத்தாலும் ஒரே விலை. அடுப்பில் ஏற்றாத பாத்திரத்தைப் பில்லோடு 3 நாளுக்குள் கொண்டுவந்தால் பணம் திரும்பத் தருவோம். ஷோகேஸ் மிக்ஸிக்கு மட்டும் இது பொருந்தாது.

உள்ள எண்ணிக்கை ஜூலை 3 இரவு எண்ணியது. தீர்ந்தால் அதே விலைக்கு மறுபடி வரவழைக்க மாட்டோம். ஆடி பிறந்தால் இன்னும் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: குறையாது. 19-ஆம் தேதி இரவுக்குப் பிறகு நீட்டிப்பும் இல்லை. மிஞ்சிய சரக்கு புதுக்கடையில் பழைய விலைக்கே கிடைக்கும்.

காலை 10 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு. குடத்துக்கும் அண்டாவுக்கும் பை எங்களிடம் இல்லை, சாக்கு கொண்டு வாருங்கள்.