நைன் ஆஃப் கப்ஸ்: கேட்டது கிடைத்தும் மனம் நிறையாத உங்களுக்கு

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்த பிறகுதான் டாரோ கார்டுகளைக் கலைத்தேன். ஆறாவது முயற்சியில் தணிக்கையாளர் இறுதித் தேர்வில் தேறிவிட்டீர்கள். ஆசைப்பட்ட இடத்திலேயே வேலையும் கிடைத்தாயிற்று. "ரிசல்ட் வந்து ஏழு வாரம் ஆகுது, ஒரு நாள்கூட சந்தோஷமா இல்ல, எனக்கு என்ன கோளாறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு கார்டு எடுத்தேன். நைன் ஆஃப் கப்ஸ், நேராக விழுந்தது.

டாரோ வாசிப்பவர்கள் இதை 'விஷ் கார்டு' என்பார்கள். நடக்குமா என்று தவிப்பவருக்கு இது வந்தால் வேறு பலனே சொல்லத் தேவையில்லை. உங்களுக்கோ எல்லாம் நடந்து முடிந்தபின் வந்திருக்கிறது. அதனால் வழக்கமான பலனை ஓரமாக வைத்துவிட்டு, படத்தைக் கொஞ்ச நேரம் சேர்ந்து பார்க்கலாம்.

நான் வைத்திருப்பது 1909-இல் வெளிவந்த ரைடர் வெய்ட் கட்டு. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. மஞ்சள் பின்னணியில், மரப்பலகை ஒன்றில், சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு பருத்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நீலத்துணி விரித்த வளைந்த மேடை. அதன்மேல் ஒன்பது பொற்கோப்பைகள் வரிசையாக. இப்போது அவர் கைகளைப் பாருங்கள். மார்புக்குக் குறுக்கே இறுகக் கட்டியிருக்கிறார். ஒரு கோப்பையைக்கூடத் தொடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

உங்கள் கடிதம் இந்தப் படத்தில்தான் இருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று என்று எழுதினீர்கள். காலை நாலரை மணி அலாரம் இன்னும் அடிக்கிறது, எழுந்து மேசைமுன் உட்கார்ந்தபிறகுதான் படிக்க ஒன்றுமில்லை என்று உறைக்கிறது என்றும் எழுதினீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். ஆறு தடவை எழுதிய தேர்வு உங்கள் நாளைத் தாங்கிய தூண். ஆசை நிறைவேறியதும் தூணும் போய்விட்டது. துணையாக இருந்த ஒன்றை இழந்திருக்கிறீர்கள். அதற்கு வருத்தப்பட உங்களுக்கு உரிமை உண்டு. இது நன்றி கெட்டதனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கோப்பைகள் என்றால் நீர், உணர்வு. கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவின் மரபில் இந்தக் கார்டுக்கு மீனத்தில் வியாழன். மீனம் வியாழனின் சொந்த வீடு, அள்ளிக் கொடுக்கும் இடம். கொடுப்பதில் குறையே இல்லை. வாங்கிக்கொள்ளும் கைகள்தான் கட்டிக் கிடக்கின்றன. ஃபோர் ஆஃப் கப்ஸிலும் இதே கைக்கட்டு உண்டு: மரத்தடியில் ஒருவர், மேகத்திலிருந்து ஒரு கை கோப்பை நீட்டியும் ஏறெடுத்துப் பார்க்காமல். அவர் சலித்தவர். உங்கள் கார்டில் இருப்பவர் காவல் காப்பவர் மாதிரி எனக்குத் தெரிகிறது. ஐந்து முறை கைநழுவியது மறுபடி நழுவிவிடுமோ என்று.

அடுத்த கார்டை நான் எடுக்கவில்லை, ஆனால் வரிசையில் ஒன்பதுக்குப் பின் பத்து வருகிறது. அதிலும் கோப்பைகள்தான், வானவில்லில். கீழே ஒரு ஜோடி ஆளுக்கொரு கையை உயர்த்தி நிற்கிறது. இரண்டு குழந்தைகள் கைகோத்து ஆடுகிறார்கள். ஒன்பதிலிருந்து பத்துக்கு ஒரே ஒரு கோப்பைதான் கூடுகிறது. ஆனால் தனியாக உட்கார்ந்திருந்த இடத்தில் நாலு பேர் வந்துவிடுகிறார்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில், சம்பந்தமில்லாததுபோல ஒரு வரி: கூடவே படித்த தோழிக்கு இந்த முறையும் கிடைக்கவில்லை, அவளிடம் ஏழு வாரமாகப் பேசவில்லை. அது சம்பந்தமில்லாத வரி இல்லை. அவள்முன் சிரித்தால் அவளுக்கு வலிக்கும் என்று, தனியாக இருக்கும்போதுகூடச் சிரிக்காமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டு காரியம் செய்யுங்கள். இன்றிரவு அந்த நாலரை மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். எழுந்துவிட்டால் எழுந்துவிட்டுப் போங்கள், மேசைப்பக்கம் மட்டும் போகாதீர்கள். பிறகு அவளுக்கு ஃபோன் செய்யுங்கள். ஆறுதல் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாம். "உன்கிட்ட சொல்லாம எனக்கு இது நடந்த மாதிரியே இல்ல" என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள். அவள் அழலாம், கோபப்படலாம், சிரிக்கவும் செய்யலாம். அதைக் கார்டு சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கேள்விக்காக ஒரு மாதத்துக்கு வேறு ரீடிங் வேண்டாம். அவளிடம் பேசியபின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.