ஊர் ஏற்கும் காரணம்: ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் இளையோர் மன உளைச்சலுக்கு உதவி நாடும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறுநகரில் 2024 ஜூலை முதல் 2025 மே வரை இந்த ஆய்வைச் செய்தோம். நகரின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் ‘ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண்’ என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பங்கேற்றவர்களுக்குப் புனைபெயர்கூட வைக்காததற்கும் இதுவே காரணம்.

கேள்வி எளியது. 18 முதல் 29 வயதுக்குள் இருக்கும் தமிழ் இளையோர், மனம் தாங்காத நிலை வரும்போது, வெளியே போய் உதவி கேட்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023-இல் 4.6 ஆனது. இவர்களில் பலர் மருத்துவரிடம் போவதில்லை. ஏன் என்று கேட்டால் அவமானம், அறியாமை, தூரம், செலவு என்று ஒரு பட்டியல் வரும். அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். எங்கள் நகரில் கிளினிக் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அப்படியும் போகாதவர்கள் இருக்கிறார்கள், இதே ஊரில் இதே அவமானத்தோடு போனவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பட்டியல் விளக்காது.

அதனால்தான் களத்தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் முறையை எடுத்துக்கொண்டோம். பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து 1967-இல் முன்வைத்த முறை இது. கையில் ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு களத்துக்குப் போவதில்லை. பேட்டி, அதில் வரும் ஒவ்வொன்றுக்கும் பெயரிடும் குறியீடு, ஒப்பீடு மூன்றும் சேர்ந்தே நடக்கும், அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை முந்தைய பேட்டியே சொல்லும். பின்னாளில் கேத்தி சார்மாஸ் வளர்த்தெடுத்த வடிவத்தை நாங்கள் பின்பற்றினோம். ஆய்வாளரும் தரவின் ஒரு பகுதி என்று அது ஒப்புக்கொள்கிறது. எங்கள் இருவரில் ஒருவர் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர், மற்றவர் ஈப்போவில் ஆலோசகர். “நீங்க இன்னார் மகள்தானே?” என்ற கேள்வியோடுதான் பாதிப் பேட்டிகள் தொடங்கின. இதை மறைத்துவிட்டு எழுத முடியாது.

முதல் ஐந்து பேர்

டோபி கடையிலும் டியூஷன் சென்டரிலும் ஒரு சிறு அறிவிப்பை ஒட்டினோம். விருப்பப்பட்டவர்கள் தாங்களே வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டார்கள். கோயில் மூலமாகவோ கிளினிக் மூலமாகவோ ஆள் கேட்கவில்லை; கேட்டிருந்தால் யார் வந்தார்கள் என்பது அந்த இடத்துக்குத் தெரிந்துபோயிருக்கும். முதலில், கிளினிக்கையோ ஆலோசகரையோ ஒரு முறையாவது பார்த்த ஐந்து பேரைத் தேர்ந்தோம்.

பேட்டிக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு பெண் எங்கள் காரிலேயே பேசலாம் என்றார். செம்பனை மரங்களைப் பார்த்தபடி, எஞ்சினை நிறுத்தாமல், ஒன்றரை மணி நேரம். தோட்டத்து லாரி கடந்துபோகும் போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒலிப்பதிவில் அந்த மௌனங்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றையும் குறியீட்டில் சேர்த்தோம்.

அவர் சொன்னதில் ஒரு துண்டு. மிஸ்ஸி என்பது நர்ஸ், ஐசி அடையாள அட்டை, மண்டோர் தோட்டத்து மேற்பார்வையாளர், எம்சி மருத்துவ விடுப்புச் சீட்டு:

“வயித்து வலின்னுதான் போனேன். மிஸ்ஸி ஐசிய வாங்கிப் பாத்தாங்க, அப்பா பேரைப் படிச்சிட்டு ‘ஓ, மண்டோர் வீடா’ன்னாங்க. அதோட நான் வாயைத் திறக்கல. எம்சி வாங்கிட்டு வந்துட்டேன்.”

வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு செயலாகவே பெயரிட்டோம்: ‘உடம்பை முன்னே அனுப்புதல்’, ‘அடையாளம் தெரிந்துபோதல்’, ‘வாயை மூடிக்கொள்ளுதல்’, ‘வெறுங்கையோடு திரும்பாமை’. ‘அவமானம்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. செயலாக எழுதினால் அடுத்து என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இருந்தும் ஐந்தாவது பேட்டி முடிந்த இரவு எழுதிய குறிப்பில், ‘மையம் அவமானம்தான், இனி சந்தேகமில்லை’ என்று எழுதியிருக்கிறோம். அந்தக் குறிப்பை அழிக்காமல் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அது தவறு.

அவமானம் போதவில்லை

அவமானம்தான் தடை என்றால், ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்தத் தடை இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் நான்கு பேரைத் தேடிப் பேசினோம். கோட்பாட்டு மாதிரித் தேர்வு என்பது இதுதான்: எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக இல்லாமல், கையில் இருக்கும் ஊகத்தை உடைக்கக்கூடிய ஆளைத் தேடிப்போவது.

நால்வரில் இருவர் அங்கும் யாரையும் பார்க்கவில்லை. அவர்களை அடையாளம் கண்டுகொள்ள அங்கே யாரும் இல்லை. “லீவு கேட்டா என்னன்னு சொல்றது? காய்ச்சல்னா காய்ச்சல் இருக்கணும்ல” என்றார் ஒருவர். போன மற்ற இருவரில் ஒருவரை, தூக்கமில்லாமல் வேலையில் தவறு செய்ததால், சூப்பர்வைசரே டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்.

அதன் பக்கத்தில் இன்னொரு பேட்டியை வைத்துப் பார்த்தோம். ஊரிலேயே இருக்கும் 21 வயதுப் பெண். பத்து நாளாகச் சாப்பிடவில்லை, அழுகை. செய்வினை என்று சொல்லி அம்மா ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார். அவர் தண்ணீர் மந்திரித்துக் கொடுத்துவிட்டு, “சாமி அவர் வேலையைப் பார்ப்பாரு, நீ டாக்டரையும் பாரு” என்றிருக்கிறார். மறுநாளே கிளினிக். தெருவில் யார் கேட்டாலும் அம்மாவிடம் பதில் இருந்தது: சாமி சொன்னார்.

பூசாரிகள் மருத்துவத்துக்குத் தடை என்று நாங்களும் நினைத்துத்தான் போனோம். இந்த வழியாக வந்த மூவரிடம் பேசினோம், அந்தப் பூசாரியிடமும் பேசினோம். அவர் சொன்னது: “என்கிட்ட வர்றவங்க எல்லாத்துக்கும் பேய் இல்லம்மா. எனக்குத் தெரியும்.”

அப்புறம் ஓர் இளைஞர். அவர் மோட்டாரிலிருந்து விழுந்து, காலில் கட்டுப் போடப் போயிருக்கிறார். டாக்டர் காயத்தைப் பார்த்துக்கொண்டே “ராத்திரி தூங்குறியா?” என்று கேட்டிருக்கிறார். “அப்பதான் சொன்னேன். கால் அடிபடலைன்னா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.”

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டதில், உதவி நாடும் கணம் வேதனை உச்சத்தைத் தொடும் கணமாக இல்லை. ஊருக்கும் வீட்டுக்கும் முதலாளிக்கும் சொல்லத்தக்க ஒரு காரணம் கைக்கு வரும் கணமாக இருந்தது. அதுவரை வேதனைக்குப் பெயரே வைப்பதில்லை. ‘ஒரே யோசனை’, ‘மனசு பாரம்’, ‘டென்ஷன்’ என்று அதைச் சிறிதாகவே வைத்திருக்கிறார்கள். பெரிய பெயர் வைத்தால் அடுத்த சொல் தஞ்சோங் ரம்புத்தான் என்று பயம். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையின் நிழல், ஊர்ப்பெயரையே வசையாக்கிவிட்டது.

காரணம் வருவதற்கு முன் சோதனை நடக்கிறது. நண்பனிடம் சிரித்துக்கொண்டே “செத்துப் போலாம்போல இருக்கு” என்று சொல்லி முகத்தைப் பார்ப்பார்கள். அவனும் சிரித்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. சட்டத்தைப் பற்றிய பயமும் இங்கே தலைகாட்டியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மூன்று பேர் “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்றார்கள். நீக்கப்பட்ட செய்தி அவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

நிறைவு என்று எப்போது சொன்னோம்

பதினான்காவது பேட்டியில் புதிய குறியீடு எதுவும் வரவில்லை. நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் புதிதாக எதுவும் கேட்கவில்லை என்பது நிறைவுநிலை ஆகாது. குறியீடுகளைத் தொகுத்து எடுத்த ஒவ்வொரு வகைமையின் தன்மைகளும் அது மாறும் சூழ்நிலைகளும் விளங்கிவிட்டனவா என்பதே கேள்வி. ‘காரணம்’ என்ற வகைமையை எடுத்துப் பார்த்தால் பெரிய ஓட்டை இருந்தது. காரணம் எவ்வளவு நாள் தாங்கும்? எங்களுக்குத் தெரியவில்லை.

ஏற்கனவே பேசியவர்களில் மூவரிடம் திரும்பப் போனோம். பதில் உடனே கிடைத்தது. கால் ஆறியதும் அந்த இளைஞர் அடுத்த சந்திப்புக்குப் போகவில்லை. “கட்டுப் பிரிச்சாச்சு, இனி எதுக்குப் போறேன்னு அண்ணன் கேட்டான்.” ஒரு காரணம் ஒரு தடவைக்குத்தான் செல்லும், இரண்டாம் தடவைக்கு இன்னொன்று வேண்டும். பாதியில் சிகிச்சையை விட்டவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்லும் பழக்கம் எங்களில் ஆலோசகராக இருப்பவருக்கும் இருந்தது. அவர் அதை அன்றோடு விட்டார்.

இந்தத் தன்மையைத் தேடி மேலும் ஐந்து பேரிடம் பேசினோம். இரத்த அழுத்தம், தைராய்டு என்று நீடிக்கும் நோய் உள்ள இருவர் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள், மாதாமாதம் போவதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. கடைசி இரு பேட்டிகள் எதையும் மாற்றவில்லை. மொத்தம் 19 பேர், 11 பெண்கள், 8 ஆண்கள், 22 பேட்டிகள். அங்கே நிறுத்தினோம்.

ஒரு வகைமை மட்டும் நிறையவில்லை: யாரிடமும் எப்போதும் சொல்லாதவர்கள். அவர்கள் எங்கள் அறிவிப்பைப் பார்த்தும் எழுதியிருக்க மாட்டார்கள். இந்தக் கோட்பாடு அவர்களுக்குப் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை.

பங்கேற்ற எல்லோருக்கும் 15555 என்ற ஹீல் எண்ணும், பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 எண்ணும் ஆகிய இரண்டு மனநல உதவித் தொலைபேசி எண்கள் கொண்ட அட்டை கொடுத்தோம். ஒரு பேட்டியில், அந்த வாரமே உயிரை விடும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னார். பதிவை நிறுத்தினோம். அவர் சம்மதத்தோடு அவருடைய அக்காவை அழைத்து, அவர் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, மூவருமாக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனோம். நிறுத்தியதற்குப் பின் பேசியது எதையும் தரவில் சேர்க்கவில்லை.

முடிவுகளை எழுதியபின் நான்கு பேரிடம் படித்துக் காட்டினோம். அப்போது மைய வகைமைக்கு ‘சாக்கு தேடுதல்’ என்று பெயர் வைத்திருந்தோம். காரில் பேசிய பெண் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “சாக்கு இல்லக்கா. எனக்கு வயிறு உண்மையிலேயே வலிச்சுது.” அன்று மாலையே பெயரை மாற்றினோம்.